அப்பாவின் பணிக்கொடை எங்கே நின்றது? ஆர்.டி.ஐ. மனுவில் தெரிந்தது

அப்பா தமிழக அரசுப் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியமும் பணிக்கொடையும் வரவில்லை. அலுவலகத்தில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "ஏஜி ஆபீஸ்லதாம்மா இருக்கு, வந்துரும்." அதாவது சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம். அங்கிருந்து அனுமதி ஆணை வந்தால்தான் கருவூலம் பணம் தரும். அதனால் அந்தப் பதிலை நம்பத்தான் தோன்றும்.

பணிக்கொடை விவகாரங்களைப் பார்த்துப் பழகிய ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவரிடம் போனேன். "ஏன் தாமதம்னு கேட்டு மனு போடாதீங்க தம்பி" என்றார் அவர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாக இருப்பதைத்தான் தருவார்கள். பொதுத் தகவல் அலுவலர் உட்கார்ந்து காரணம் யோசித்து எழுத வேண்டியதில்லை. ஆனால் காரணம் கோப்பில் எங்காவது எழுதப்பட்டிருக்கும். எனவே அந்தத் தாளைக் கேட்க வேண்டும்.

மனுவை அம்மாவின் பெயரிலேயே எழுதினோம். நான் கேட்டால் அது இன்னொருவரின் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க இடமுண்டு. நான்கு விவரங்கள் மட்டும் கேட்டோம். ஓய்வூதியம் வழங்கக் கேட்டு அலுவலகம் தயாரிக்கும் கருத்துரு கணக்காயருக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் நாளும் எண்ணும், அதற்கான அனுப்புகைப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் முதலாவது. கணக்காயரிடமிருந்து இது தொடர்பாக வந்த எல்லாக் கடிதங்களின் நகல், அவை வந்து சேர்ந்த தேதியோடு, இரண்டாவது. மூன்றாவது, அலுவலகத்தில் எழுதப்படும் குறிப்புகள் அடங்கிய குறிப்புக் கோப்பின் நகல். கடைசியாக, இன்றைய தேதியில் இந்தக் கோப்பைக் கையாளும் பணியாளர், அவருக்கு மேலுள்ள அலுவலர் ஆகியோரின் பெயரும் பதவியும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

அதே நாளில் கணக்காயர் அலுவலகத்துக்கும் ஒரு மனு. அது மத்திய அரசைச் சேர்ந்தது. அங்கே கட்டண வில்லை செல்லாது. கணக்கு அலுவலர் பெயருக்கு 10 ரூபாய் அஞ்சல் ஆணை எடுத்து இணைத்தோம். கருத்துரு வந்த தேதி, திருப்பி அனுப்பியிருந்தால் அந்தக் கடிதத்தின் நகல், இவ்வளவுதான் கேட்டோம். இரண்டு பக்கமும் கேட்டதுதான் பிறகு கைகொடுத்தது.

சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். அப்பா வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: "கருத்துரு நடவடிக்கையில் உள்ளது." நகல்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் கணக்காயர் அலுவலகம் தெளிவாகவே பதில் தந்திருந்தது. கருத்துரு அவர்களிடம் இல்லை. அப்பாவின் பணிப்பதிவேட்டில் சில ஆண்டுகளுக்கு, அவர் பணியில் இருந்ததை உறுதிசெய்யும் பணிச் சரிபார்ப்பு பதியப்படவில்லை என்று குறிப்பிட்டு, எப்போதோ திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிதத்தின் நகலும் உறையில் இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்லியே இத்தனை காலம் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த ஒருவரிப் பதிலுக்கு எதிராகப் பிரிவு 19(1)இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்தோம். பதில் கிடைத்த 30 நாளுக்குள் செய்ய வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கேட்ட நான்கில் எவை வரவில்லை என்று மட்டும் எழுதி, கணக்காயர் கடிதத்தின் நகலை இணைத்தோம். அதன் பிறகு பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டியதும் நகல்கள் கிடைத்தன.

குறிப்புக் கோப்பில் எல்லாம் இருந்தது. திரும்பி வந்த கருத்துரு, வந்த தபாலாகப் பதிவாகியிருக்கிறது. பிரிவு எழுத்தர், அப்பா முன்பு பணியாற்றிய அலுவலகத்திலிருந்து சம்பளப் பட்டியல் விவரம் பெறலாம் என்று குறிப்பு எழுதி, கண்காணிப்பாளரும் கையெழுத்திட்டிருக்கிறார். அடுத்து அந்த எழுத்தர் மாறுதலில் போய்விட்டார். அதற்குப் பின் ஒரு குறிப்புகூட இல்லை. பழைய அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதம் எழுதப்படவே இல்லை. இப்போது அந்த இருக்கையில் இருப்பவரின் பெயர் நான்காவது கேள்விக்கான பதிலில் இருந்தது. அவர் புதியவர். இப்படியொரு கோப்பு தன் பொறுப்பில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

பணத்தை விடுவிக்கச் சொல்லி உத்தரவிட இந்த மனுவால் முடியாது. தகவல் ஆணையம் வரை போனாலும், தகவலைத் தரச் சொல்லலாம், தராதவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் விதிக்கலாம். பணிக்கொடையைக் கொடு என்று சொல்ல முடியாது. எனவே அலுவலகத் தலைவரிடம் தனியாக ஒரு மனு கொடுத்தோம். கணக்காயர் கடிதத்தின் தேதி, அது இந்த அலுவலகத்துக்கு வந்த தேதி, குறிப்பு நின்றுபோன பக்கம், எழுதப்படாத கடிதம் என நான்கையும் வரிசையாகச் சொல்லி, நகல்களைப் பின்னால் வைத்தோம். அவர் அதை மேசையிலேயே படித்துவிட்டுப் புதிய எழுத்தரை அழைத்தார்.

பழைய அலுவலகத்திலிருந்து சம்பளப் பட்டியல் விவரம் வந்தது. பணிப்பதிவேட்டில் விடுபட்ட ஆண்டுகளுக்குச் சரிபார்ப்பு பதியப்பட்டு, கருத்துரு மறுபடி சென்னைக்குப் போனது. இம்முறை அனுப்புகை எண்ணை அம்மா அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அனுமதி ஆணை வந்ததும் கருவூலத்தில் அடையாளச் சரிபார்ப்புக்கு அழைத்தார்கள். பணிக்கொடையும் குடும்ப ஓய்வூதிய நிலுவையும் அவர் கணக்கில் ஏறின.