ஃபண்ட் பணம் 13 நாள் தாமதம்: 15 சதவீத வட்டியைக் கேட்டு வாங்கிய விதம்

மியூச்சுவல் ஃபண்டை விற்றால் பணம் வங்கிக்கு வந்துசேர எத்தனை நாள் என்று கேட்டால், இரண்டு நாள் என்பார்கள் பெரும்பாலோர். பங்கு சார்ந்த திட்டங்களில் நடைமுறையில் அப்படித்தான் வருகிறது. ஆனால் வட்டி கேட்கும்போது அந்த இரண்டு நாளைப் பிடித்துக்கொண்டு பேசினால் முதல் பதிலிலேயே தோற்றுவிடுவோம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 25.11.2022 அன்று வெளியிட்டு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கைப்படி, ரிடெம்ப்ஷன் நாளிலிருந்து, அதாவது விற்பனை கணக்காகும் நாளிலிருந்து, 3 வேலை நாட்களுக்குள் பணம் போய்ச்சேர வேண்டும். சொத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் முதலீடு செய்யும் திட்டங்களுக்கு மட்டும் 5 வேலை நாட்கள். அதைத் தாண்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த வட்டியை நிர்வாக நிறுவனம் தன் கையிலிருந்து தர வேண்டும், திட்டத்தின் பணத்திலிருந்து அல்ல.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் வட்டி தானாக வருவதில்லை. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்காக 2025 ஜூலை, ஆகஸ்டில் எழுதிய கடிதங்களை வைத்து, அதை எப்படிக் கேட்பது என்று சொல்கிறோம்.

அவர் விற்றது வெளியேற்றக் கட்டணம் போக ₹6,20,000. விண்ணப்பம் போனது ஜூலை 7, திங்கள், மாலை 3.40 மணிக்கு. இந்த 40 நிமிடம் முக்கியம். மதியம் 3 மணிக்குள் பதிவான விண்ணப்பத்துக்குத்தான் அன்றைய என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு; அதற்குப் பின் வந்தால் அடுத்த வேலை நாளின் என்.ஏ.வி. செயலியில் போட்டால் நேரம் தானே பதிவாகும். காகிதப் படிவமென்றால் சேவை மையத்தில் குத்தும் நேர முத்திரைதான் கணக்கு. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் மையத்துக்கு 3.05க்கு வந்துசேர்ந்தால், கிளம்பிய நேரத்தை யாரும் கேட்கப் போவதில்லை.

ஆக, ரிடெம்ப்ஷன் நாள் ஜூலை 8, செவ்வாய். வேலை நாள் 9, 10, 11 என மூன்று. கெடு நாள் ஜூலை 11, வெள்ளி. பணம் வந்ததோ ஜூலை 24, வியாழன்.

வேலை நாள் கணக்கில் நம் ஊர்க்காரர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு சேலத்தில் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அந்த அறிவிப்பிலேயே, இது செலாவணி முறிச் சட்டத்தின் கீழான விடுமுறை அல்ல என்றும் இருக்கும். வங்கிகளுக்கும் பங்குச் சந்தைக்கும் அது வேலை நாள்தான்; ஃபண்ட் நிறுவனத்துக்கும் அப்படியே. அதனால் உள்ளூர் விடுமுறையை நாமாகக் கழித்துவிட்டு ஒரு நாள் வட்டியை இழக்க வேண்டாம்.

ஜூலை 14 அன்று தொலைபேசியில் கேட்டபோது வந்த பதில்: "நாங்க பத்தாம் தேதியே அனுப்பிட்டோம்ங்க. பேங்க்தான் திருப்பிடுச்சுங்க." இந்த இடத்தில்தான் பலர் ஃபண்டை விட்டுவிட்டு வங்கியோடு சண்டைக்குப் போகிறார்கள். நாங்களும் பணப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யு.டி.ஆர். எண்ணை வாங்கிக்கொண்டு சேலம் கிளையில் விசாரித்தோம். அந்த எண்ணில் எந்த வரவும் இல்லை என்றார்கள். கணக்கு இயங்கிக்கொண்டுதான் இருந்தது, பெயரிலும் பிழையில்லை. கோளாறு ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில். பொதுத்துறை வங்கிகள் 2020 ஏப்ரலில் இணைந்ததும் கணக்கு எண் அப்படியே இருக்க, குறியீடு மட்டும் மாறிய கதை நிறைய: SYNB என்று தொடங்கியவை CNRB ஆகின, ALLA என்று தொடங்கியவை IDIB ஆகின. பழைய குறியீட்டோடு போகும் பணம் போன வேகத்தில் திரும்பிவிடும். இவருடைய கணக்கும் அந்த ரகம்.

"திரும்பிவிட்டது" என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. பணம் ஒவ்வொரு நாளும் யார் கையில் இருந்தது என்பதே வட்டியைத் தீர்மானிக்கும். நெஃப்ட்டில் ஒரு தொகுதி தீர்வான 2 மணி நேரத்துக்குள் பயனாளரின் வங்கி வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனவே 10ஆம் தேதி அனுப்பியது 10ஆம் தேதியே திரும்பியிருக்க வேண்டும். அதன் பிறகு 24ஆம் தேதி வரை பணம் வங்கியிடமும் இல்லை, முதலீட்டாளரிடமும் இல்லை. அப்படியே வங்கிதான் பணத்தைப் பிடித்து வைத்திருந்தது என்று தெரிந்தால், அது வேறு வழக்கு: வங்கி தர வேண்டியது ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்த வட்டி, 15 சதவீதம் அல்ல.

அதனால் ஜூலை 25 அன்று ஃபண்ட் நிறுவனத்தின் முதலீட்டாளர் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிய மின்னஞ்சலில் புலம்பல் ஒரு வரியும் இல்லை. ஃபண்ட் நிறுவனத்தில் முதலீட்டாளரின் கணக்கைக் குறிக்கும் ஃபோலியோ எண், திட்டத்தின் பெயர், விண்ணப்ப நேரம், என்.ஏ.வி. நாள், தொகை, பணம் வந்த நாள் ஆகியவற்றை முதல் பத்தியில் வைத்தோம். இரண்டாவது பத்தி கேள்விகள்:

"முதலில் பணம் அனுப்பிய தேதி, நேரம், யு.டி.ஆர். எண் என்ன? எந்தக் கணக்கு எண்ணுக்கும் எந்த ஐ.எஃப்.எஸ்.சி.க்கும் அனுப்பப்பட்டது? திரும்பி உங்கள் கணக்கில் வரவான தேதி எது, திருப்பியதற்கு வங்கி குறிப்பிட்ட காரணம் என்ன? மறுபடி அனுப்பியது எப்போது, இடைப்பட்ட நாட்களில் முதலீட்டாளருக்கு என்ன தகவல் அனுப்பப்பட்டது?"

மூன்றாவது பத்தியில் வட்டிக் கணக்கு:

```
620000 × 15/100 × 13/365 = 3312.33
```

இணைப்பாக, விண்ணப்ப ஒப்புகை, 1 முதல் 25 ஜூலை வரையான வங்கிக் கணக்கு அறிக்கை, பின்னர் எல்லாவற்றையும் தீர்த்துவைத்த ஒரு துண்டுச் சீட்டு. பிப்ரவரியிலேயே அவர் புதிய ஐ.எஃப்.எஸ்.சி. அச்சிட்ட ரத்துக் காசோலையோடு சேலம் சேவை மையத்தில் மாற்றப் படிவம் கொடுத்திருந்தார். அதன் ஒப்புகைச் சீட்டில் இரண்டு ஃபோலியோ எண்களும் இருந்தன. வங்கி விவரம் ஃபோலியோ வாரியாகத்தான் மாற்றப்படுகிறது. ஒன்றில் மாற்றிவிட்டு மற்றொன்றை விட்டிருந்தார்கள். விற்றது விடுபட்ட ஃபோலியோவில்.

அந்தச் சீட்டு இல்லையென்றால்? குறியீட்டைத் திருத்தாமல் விட்டது நம் தவறாகிறது. அப்போது முழு 13 நாளுக்கும் வட்டி கேட்பது நியாயமுமல்ல, நிற்கவும் நிற்காது. பணம் திரும்பியதை நமக்கு எப்போது சொன்னார்கள், சரியான குறியீட்டை நாம் கொடுத்த பிறகு எத்தனை நாள் எடுத்தார்கள் என்று பார்த்து, அந்தப் பின்பகுதிக்கு மட்டும் கேட்கலாம். மேலே உள்ள நான்கு கேள்விகள் அதற்கும் உதவும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பணம் திரும்பியது தெரிந்ததும் பதறிப்போய் வேறொரு வங்கிக் கணக்கை ஃபோலியோவில் ஏற்றிவிடாதீர்கள். புதுக் கணக்கு ஏற்றியதை ஒட்டி வரும் ரிடெம்ப்ஷனுக்கு, மோசடியைத் தடுக்க, 10 நாள் வரை காத்திருப்பு வைப்பது நிறுவனங்களின் வழக்கம். திட்ட ஆவணத்தில் அது எழுதியிருக்கும். தாமதத்துக்கு நாமே காரணம் எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகும். அதே கணக்கு எண்ணை வைத்துக்கொண்டு ஐ.எஃப்.எஸ்.சி. திருத்தம் மட்டும் கேளுங்கள்.

ஆகஸ்ட் 1 அன்று பதில் வந்தது. 10ஆம் தேதி அனுப்பியது அன்றே திரும்பியது என்று ஒப்புக்கொண்டார்கள். வட்டியாக ₹2,293.15 அனுப்புவதாகவும் இருந்தது. எங்கிருந்து வந்தது இந்த எண்? தொகையையும் 15 சதவீதத்தையும் வைத்துப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் சரியாக 9 நாள் வருகிறது. ஜூலை 14 முதல் 24 வரை சனி, ஞாயிறு நீக்கினால் 9. கெடுவைத்தான் விதி வேலை நாளில் சொல்கிறது. கெடு முடிந்த பிறகு ஓடுவது ஆண்டு வட்டி. 365ஆல் வகுத்துவிட்டு, பெருக்கும்போது மட்டும் வார இறுதியை எடுத்துவிட முடியாது. வேலை நாள்தான் கணக்கு என்றால் வகுக்கும் எண்ணும் வேலை நாள் எண்ணிக்கையாக வேண்டும். அப்படிப் போட்டாலும் ஏறக்குறைய நம் தொகையே வரும். குறைத்து வந்ததை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் "மீதி ₹1,019.18 நிலுவை, இதை முழுத் தீர்வாக ஏற்கவில்லை" என்று அன்றே பதில் போட்டுவிட வேண்டும். போட்டோம். பதில் இல்லை.

ஆகஸ்ட் 4 அன்று scores.sebi.gov.in தளத்தில் புகார் பதிந்தோம். பான் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். நிறுவனத்திடம் முதலில் முறையிட்டிருக்க வேண்டும், பிரச்சினை எழுந்து ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பவை நிபந்தனைகள். நிறுவனம் 21 நாளுக்குள் பதிலளிக்க வேண்டும். பதில் திருப்தியில்லையென்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அந்த 15 நாளைத் தவறவிட்டுப் புகார் மூடப்பட்ட கதைகள் உண்டு. ஆகவே, பதில் வந்த அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே smartodr.in தளத்தில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. ஆயிரம் ரூபாய்க்கு நடுவர் வரை போவது கட்டுப்படியாகாது. பெரிய தொகைக்கு வாசல் திறந்திருக்கிறது என்ற அளவில் தெரிந்திருக்கட்டும்.

புகாரை ஆறே வரியில் முடித்தோம்: தேதிகள், 9 நாளுக்கும் 13 நாளுக்கும் இடையிலான வித்தியாசம், மீதித் தொகை, ஆகஸ்ட் 1 பதிலின் நகல். காபித் தோட்டத்துக்கு உரம் வாங்கப் பணமில்லாமல் பட்ட சிரமத்தை எழுத அவர் விரும்பினார். வேண்டாம் என்றோம். அதை எழுதினால் நிறுவனம் அதற்கு வருத்தம் தெரிவித்து, கணக்கைத் தொடாமல் புகாரை மூடப் பார்க்கும்.

ஆகஸ்ட் 14 அன்று ₹1,019.18 வரவானது. வட்டி விகிதமும் தொகையும் குறிப்பிட்ட ஒரு கடிதமும் கேட்டு வாங்கினோம். அதைத் தரும் கடமை அவர்களுக்கு உண்டு. வருமான வரிக் கணக்கில் இந்த ₹3,312.33 மூலதன ஆதாயத்தோடு சேராது, பிற வருமானத்தில் தனியாகக் காட்ட வேண்டும். அதற்கும் அந்தக் கடிதம்தான் ஆதாரம். விடுபட்ட ஃபோலியோவின் புதுக் கணக்கு அறிக்கையில் ஐ.எஃப்.எஸ்.சி. மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கோப்பைக் கட்டி வைத்தோம்.