கூலரைக் கழற்றினால் புரொசசரும் சேர்ந்து வருகிறது: ஒரே மாதிரி இரண்டு கொம்பியூட்டர்களின் கதை

களுவாஞ்சிகுடியில் ஒரு ரியூசன் நிலையத்தில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கொம்பியூட்டர்கள். இரண்டிலும் ரைசன் 5 3600 புரொசசர், பெட்டியோடு வரும் ரெயித் ஸ்டெல்த் கூலர். புரொசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்டை நாலைந்து வருடம் மாற்றவேயில்லை. இரண்டும் 95 பாகைக்குப் போய் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தள்ளாடின. முதலாவதை ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நான்கு ஸ்குரூவையும் கழற்றிவிட்டு கூலரை நேராக மேலே பிடுங்கியிருக்கிறார்கள். புரொசசர் கூலரோடு ஒட்டியபடியே சொக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. “போர்டும் போச்சு, புரொசசரும் போச்சு, ரெண்டையும் மாத்தணும்” என்று சொல்லி, அப்படியே ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பின்கள் வெளியே தெரிய, பஸ்ஸில் மட்டக்களப்பு வரை அந்தப் பை வந்தது. பிடுங்கியபோது வளைந்தவை எத்தனை, பையில் உரசி வளைந்தவை எத்தனை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உண்மையில் போர்டும் போகவில்லை, புரொசசரும் போகவில்லை. ஆனால் அதைக் காப்பாற்ற ஒரு பின்னேரம் முழுக்கச் செலவானது. இரண்டாவது கொம்பியூட்டரின் கூலர், சூடாக்கிய பிறகு பத்து நிமிடத்தில் கையோடு வந்தது.

முதலில், ஏன் இப்படி ஒட்டுகிறது? பேஸ்டில் இருக்கும் எண்ணெய் சூட்டில் மெல்ல மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். மிஞ்சுவது காய்ந்த மா மாதிரி ஒரு படை. இரண்டு பக்கமும் மட்டமான உலோகம், நடுவே காற்றுப் புக இடமில்லை. புரொசசர் 40 மில்லிமீற்றர் சதுரம், அதாவது 16 சதுர சென்ரிமீற்றர். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ பாரத்தோடு அழுத்துகிறது. ஆகவே பேஸ்டின் பசையைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், நேராக இழுத்தால் பத்துக் கிலோவுக்கு மேல் தாண்ட வேண்டிவரும். ஆனால் பக்கவாட்டில் திருகினால் அந்தப் படை இலேசாக உடைந்துவிடும். இழுக்காதே, திருகு என்பதற்குக் காரணம் இதுதான். கடற்கரை உப்புக்காற்றுத்தான் பேஸ்டைக் காயவைக்கிறது என்று நம்மூரில் சொல்வார்கள். அது போர்டைத் துருப்பிடிக்க வைக்கும். பேஸ்டைக் காயவைப்பது சூடும் வருடக்கணக்கும்தான்.

இந்த இரண்டு கொம்பியூட்டரிலும் இருப்பது ஏஎம்4 சொக்கெட். அதில் இது ஆபத்தாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பின்கள் புரொசசரின் அடியில் இருக்கின்றன, 1331 பின். சொக்கெட்டின் லீவரை மடக்கினால் அது பின்களைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மேலிருந்து அமர்த்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. இன்ரெல் போர்டுகளிலும் ஏஎம்5 போர்டுகளிலும் இரும்புச் சட்டம் புரொசசரைப் பிடித்துக்கொள்வதால் கூலரோடு சேர்ந்து வராது. ஏஎம்4 வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கூலர் மேலே இருக்கும்போது அந்த லீவரைத் தூக்கவும் முடியாது, அது கூலருக்கு அடியில்தான் கிடக்கும்.

சரியாகச் செய்த இரண்டாவது கொம்பியூட்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பக்கப் பலகையைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரைக் கையருகே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிறகு நேரம் ஓடும். கொம்பியூட்டர் ஓடுகிற நிலையில் இருந்தால் அதையே வைத்துச் சூடாக்கலாம். 7-Zip இருந்தால் அதில் Tools → Benchmark திறந்து 15 நிமிடம் ஓட விட்டால் போதும். ஃபேனை நிறுத்திச் சூடாக்க வேண்டாம், ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிறகு ஷட் டவுன் செய்து, பிளக்கை உருவி, கேஸைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, CPU_FAN வயரைக் கழற்றி, நான்கு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஷட் டவுனிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் இதெல்லாம் முடிந்தால் நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரெயித் ஸ்டெல்த்தின் ஸ்குரூக்கள் போர்டின் பின்னால் இருக்கும் தகட்டில்தான் இறங்குகின்றன. நான்கும் கழன்றதும் அந்தத் தகட்டைப் பிடிக்க ஒன்றுமில்லை, பின்பக்கமாக விழுந்துவிடும். கேஸின் பின்பலகையையும் திறந்து, ஒரு கையால் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். விழுந்தால் உடையாது, ஆனால் அதைத் தேடித் துளைக்கு நேரே பிடிப்பதற்குள் கூலர் ஆறிவிடும்.

பிறகு கூலரை மேலே தூக்காமல், சாடி மூடியைத் திறப்பது போல இடம் வலமாகத் திருப்ப வேண்டும். முதலில் அசையவே அசையாது. சிறிய பலத்தைக் கொடுத்து அப்படியே பிடித்தால், ஏதோ வழுக்கிய மாதிரி ஒரு அசைவு வரும். அதன் பிறகு மேலும் மூன்று நாலு தடவை திருப்பி, நன்றாகச் சுழல ஆரம்பித்தபின், ஒரு பக்கத்திலிருந்து சாய்த்துத் தூக்கலாம். கிளிப் போட்டுப் பிடிக்கும் கூலரில் இரண்டு பக்கச் சட்டமும் இடிப்பதால் சில பாகைதான் திரும்பும். அதுவே போதும், சட்டத்தைக் கழற்றினால் இன்னும் சுலபம். சூடு ஆறியும் அசையவில்லையென்றால் பலம் கூட்டாமல், திரும்பச் சூடாக்குங்கள்.

இனி அந்தச் சொப்பிங் பேக் கூலர். கடைக்காரர் விட்டுவைத்தது இப்படி: கூலரின் அடியில் புரொசசர் ஒட்டியிருக்கிறது, பின்கள் மேல்நோக்கி நிற்கின்றன. முதலில் செய்ய வேண்டாதவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள் பதற்றத்தில் முதலில் செய்வது அவைதான். ஸ்குரூ டிரைவரையோ பிளேட்டையோ விட்டுக் கிளப்பக் கூடாது. கூலரைச் சுற்றிப் பார்த்தால் ஒரு இடைவெளி நன்றாகக் கண்ணுக்குத் தெரியும், பிளேட் வைக்க வா வா என்று கூப்பிடும். அது தவறான இடைவெளி. அது பச்சைப் பலகைக்கும் மேல் உலோக மூடிக்கும் நடுவில் இருப்பது. இந்தப் புரொசசரில் மூடி உள்ளே ஈயப்பற்று மாதிரிச் சொல்டர் பண்ணப்பட்டிருக்கிறது. அங்கே நெம்பினால் மூடியோடு சில்லும் பிளந்து வரும். பிரிக்க வேண்டிய கோடு அதற்கும் மேலே, மூடியும் கூலரின் உலோக அடியும் சேரும் இடம். அது மயிரிழைதான்.

கூலரின் உலோகப் பக்கத்தை ஹெயார் டிரையரால் நாலைந்து நிமிடம் சூடாக்கினோம். பின்கள் மேல் நேராகக் காற்று அடிக்கத் தேவையில்லை. உலோகத்தைத் துணியோடு பிடிக்க முடிகிற, வெறுங்கையால் கொஞ்ச நேரத்துக்கு மேல் பிடிக்க முடியாத சூடு போதும். ஹீட் கன் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். அதன் சூடு சொல்டரை இளக்கும் அளவுக்குப் போகும்.

பிறகு மெல்லிய தங்கூசி. வாவியில் மீன் பிடிக்கிற வீடுகளில் எப்படியும் ஒரு சுருள் இருக்கும், அதில் மிக மெல்லியதை எடுங்கள். பல் இடுக்கு நூலும் சரிதான், ஆனால் சூட்டில் கெதியாக அறும். புரொசசரின் ஒரு மூலையில் அந்த மயிரிழைக் கோட்டில் தங்கூசியை வைத்து, இரண்டு முனையையும் இழுத்து, வாள் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். மூலையில் புகுந்துவிட்டால் மெல்ல மெல்ல உள்ளே போகும். முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்குதான் போனது. பிறகு நின்றுவிட்டது.

ஆறவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்ககோலை ஊசியில் எடுத்து, கோட்டின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு 15 நிமிடம் வைத்தோம். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட் பேஸ்டைக் கரைக்கும்தான். ஆனால் சிலவற்றில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள், அது படையாக மிஞ்சும். கடைசித் துடைப்புக்கு அதைப் பாவிக்க வேண்டாம். அல்ககோல் ஈரம் இருக்கும்போது டிரையரைப் போடாதீர்கள், தீப்பிடிக்கும். முழுதாகக் காய்ந்த பிறகு இரண்டாவது தடவை சூடாக்கி, மெல்லிய ரப்பர் கையுறையோடு புரொசசரின் நாலு ஓரத்தையும் பிடித்துத் திருகியபோதுதான் அந்த வழுக்கல் வந்தது. பின்களில் விரல் படாமல் பிடிப்பதுதான் இதில் முழு வேலையும்.

வளைந்த பின்கள் ஏழு, எல்லாம் ஒரே மூலையில். 0.7 மில்லிமீற்றர் கிளிக் பென்சிலில் ஈயத்தை எடுத்துவிட்டு, அதன் முனைக் குழாயைப் பின்னில் நுழைத்து நிமிர்த்தினோம். ஒரே தடவையில் நேராக்க வேண்டாம், பாதி நிமிர்த்திப் பார்த்து, பிறகு மீதி. நேரைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டுத் திரும்ப வளைத்தால் பின் அறும். கடைசியில் வங்கி அட்டையின் ஓரத்தை வரிசைகளுக்கு நடுவே விட்டு, இரண்டு திசையிலும் ஒருமுறை இழுத்தால், சாய்ந்து நிற்பது தடுக்கும்.

சொக்கெட்டின் துளைகளில் உடைந்த பின் ஏதும் நிற்கவில்லை என்று டோர்ச் அடித்துப் பார்த்தபின், லீவரைத் தூக்கி, தங்க முக்கோணத்தைச் சொக்கெட்டின் முக்கோணத்துக்கு நேரே வைத்து விட்டோம். புரொசசர் தன் பாரத்திலேயே இறங்க வேண்டும். விரலால் அமர்த்த வேண்டியிருந்தால் எடுத்துத் திரும்பப் பாருங்கள். இறங்கியது. பழைய பேஸ்டைப் பனியன் துணியால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஸ்குரூக்களைக் குறுக்காக இரண்டிரண்டு சுற்றாக இறுக்கி, பவர் போட்டால் திரையும் வந்தது.

ஆனால் பயோஸில் ரேம் 8 ஜிபி. உள்ளே இரண்டு 8 இருக்கிறது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டும் அதே 8. பின் வளைந்த புரொசசரில் இது தெரிந்த அறிகுறி: ரேமின் ஒரு பக்கத்துக்குப் போகும் பின் எதுவோ தொடவில்லை. திரும்ப எல்லாவற்றையும் கழற்றி, டோர்ச்சைச் சரிவாகப் பிடித்துப் பார்த்தால், எட்டாவது பின் பலகையோடு பலகையாகப் படுத்துக் கிடந்தது. மெல்லிசாகப் படுத்ததால் புரொசசர் இறங்குவதையும் அது தடுக்கவில்லை, அட்டையும் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஊசி முனையால் கொஞ்சம் தூக்கி, பென்சிலால் நிமிர்த்தி, திரும்பப் பூட்டினோம். 16 ஜிபி. அதே 7-Zip சோதனையில் 15 நிமிடத்துக்குப் பிறகு சூடு 74 பாகை.