மொட்டைமாடி பம்ப்பும் ஓர் அரபிக் கடிதமும்

துபாயில் எங்கள் வீடு கடைசி மாடி. படுக்கையறைக்கு நேர் மேலேதான் தண்ணீர் பம்ப். பகலில் ஏசி சத்தத்தில் அமுங்கிவிடும். இரவில் கீழே யாராவது குழாயைத் திறந்தால் போதும், ‘டக்’கென்று ஒரு அடி, ஒரு நிமிடம் உறுமல், மறுபடி ‘டக்’. விடியும் வரை இதே கதைதான்.

கட்டடக் காவலாளியான நாத்தூரிடம் சொன்னேன், தலையாட்டினார். ரியல் எஸ்டேட் ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் மெயில் போட்டேன், பதில் இல்லை. நேரில் போனால் கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “பம்ப் என்றால் சத்தம் வரத்தானே செய்யும்?” என்றார். விடாமல் நின்றதும், “ஓனருக்கு அரபிதான் தெரியும். அரபியில் லெட்டர் கொண்டுவாருங்கள், உள்ளே அனுப்புகிறேன்” என்றார். தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். ஆனால் அதுவே நல்லதாகப் போயிற்று.

டைப்பிங் சென்டரில் ஒரு மலையாளிச் சேட்டன் விஷயத்தைப் பாதி கேட்டதுமே மளமளவென்று அடித்துக் கொடுத்துவிட்டார். என் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் எகிப்துக்காரர் உஸ்தாதிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். குழந்தை குட்டிக்காரன், ஏழை, தாங்கள் பெரிய மனது வைத்துக் கருணை காட்ட வேண்டும் என்று போயிருக்கிறது கடிதம். வாடகைக்குக் காசோலை கொடுத்தவன் எழுதுகிற கடிதமா அது! போதாக்குறைக்கு என் பெயர் எமிரேட்ஸ் ஐடியில் இருக்கிற அரபி எழுத்தில் இல்லை. ஐடி நகலைக் கையில் கொடுத்து அதைப் பார்த்தே அடிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வழக்கு என்று போனால், கடிதத்தில் இருப்பது வேறு ஆள் என்று யாரும் சொல்ல இடம் இருக்கக் கூடாது.

உஸ்தாத் இன்னொன்றும் கேட்டார்: “சத்தம், சத்தம் என்கிறாயே, எது பழுது?” அன்று மாலையே மெயின்டனன்ஸ் பையனோடு மாடிக்குப் போனேன். பம்ப்புக்குப் பக்கத்தில் பிரஷர் டாங்க். அதற்குள் தண்ணீர் நிற்கும் ஒரு ரப்பர் பை, அதைச் சுற்றிக் காற்று. அந்தக் காற்றழுத்தம் இருந்தால்தான் யாரோ ஒரு குவளை தண்ணீர் பிடிப்பதற்கெல்லாம் பம்ப் எழுந்திருக்காது. பையன் டாங்க்கின் காற்று வால்வைப் பேனா முனையால் அழுத்தினான். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சியது. பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் பேடும் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு கடிதத்தின் தோரணையே மாறிவிட்டது. இது அக்கம்பக்கத்துச் சண்டை இல்லை, கட்டடத்தின் பழுது. துபாயில் 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் வாடகைச் சட்டத்தின் 16ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, பராமரிப்பும் பழுது நீக்குவதும் உரிமையாளர் பொறுப்பு. (உங்கள் ஒப்பந்தத்தின் கூடுதல் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.)

உஸ்தாத் சொல்லச் சொல்ல அடித்த கடிதம் ஒரே பக்கம். ஸலாம், மரியாதையான விளிப்பு, அதன் கீழே விஷயம் என்ற வரியில் வீட்டு எண்ணும், வாடகை ஒப்பந்தப் பதிவான இஜாரியின் எண்ணும். பிறகு எந்தெந்தத் தேதியில் இரவு எத்தனை மணிக்குச் சத்தம், மாடியில் கண்ட பழுது என்ன, யாரிடம் எப்போது சொன்னேன் என்று வெறும் விவரம் மட்டும். ‘தாங்க முடியவில்லை’, ‘அநியாயம்’ எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். கடைசியில் 14 நாளுக்குள் சரிசெய்து தருமாறு ஒரு கோரிக்கை, சட்டப்படி எனக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி, மறுபடி மரியாதை. கோர்ட் என்ற சொல்லே கிடையாது. “அந்த ஒரு வரியே போதும், படிக்கிறவருக்குப் புரியும்” என்றார்.

கவுண்டர்காரர் கடிதத்தை வாங்கிக்கொண்டார், நகலில் சீல் போட மட்டும் மாட்டேன் என்றார். சீல் கிடைக்காவிட்டால் அப்படியே விட்டுவிடாதீர்கள். சண்டை போடவும் வேண்டாம். நான் அதே கடிதத்தை ஒப்பந்தத்தில் உள்ள உரிமையாளர் முகவரிக்குக் கூரியரில் அனுப்பி, கையெழுத்தோடு டெலிவரி ரசீது வாங்கி வைத்துக்கொண்டேன். வாடகைத் தகராறு மையம் வரை போக நேர்ந்தால் அங்கே ஆவணங்கள் அரபியில் இருக்க வேண்டும். கடிதம் முதலிலேயே அரபியில் இருப்பதால் அதை மொழிபெயர்க்கும் செலவு மிச்சம்.

அதுவரை போகவில்லை. உரிமையாளரின் மகன் போன் செய்தார், தன்மையாகவே பேசினார். கெடு முடிவதற்குள் புது டாங்க் வந்துவிட்டது. பம்ப் இப்போது எப்போதாவதுதான் ஓடுகிறது. ரப்பர் பேடைத்தான் இன்னும் மாற்றவில்லை, ஓடும்போது கட்டில் லேசாக அதிர்கிறது. அதற்கு இரண்டாவது கடிதம் தயார். முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நாலே வரி. கவுண்டர் பக்கம் போகிற உத்தேசமில்லை, நேராகக் கூரியர்தான்.