அன்னதான நோட்டும் நீலக் கோடும்

ஜூன் 9, யாங்கோன்

கோயில் அன்னதானக் கணக்கு நோட்டுகளைத் தட்டச்சு வடிவில் கொண்டுவரும் வேலை இன்று தொடங்கியது. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, ஊற்றுப்பேனா மை. விலையெல்லாம் கியாட்டில் இருப்பதால் 1952-க்கு முந்தியதாக இருக்க முடியாது. பொருளெல்லாம் வீசைக் கணக்கு. யாரோ முன்பே கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். அதையே கையெழுத்து படிக்கும் நிரலுக்குக் கொடுத்தேன்.

எழுத்துகள் சுமாராக வந்தன. எண்கள்தான் வம்பு. பதின்மூன்றாம் பக்கத்தில் நிரல் படித்தது: துவரம்பருப்பு 5, கடலைப்பருப்பு 7, பட்டாணி 3, வெங்காயம் 8, உருளைக்கிழங்கு 13. கூட்டினால் 36. கணக்குப்பிள்ளை அடியில் எழுதியிருப்பதோ 31.

ஜூன் 10

கோயில் பெரியவரிடம் காட்டினேன். "கடலைப்பருப்பு ஏழு வீசை எதுக்கு தம்பி? கூட்டுல தூவத்தானே. ரெண்டு போதும்" என்றார். நோட்டைப் பிரித்துப் பார்த்தால் 2 தான். அதன் கால் சரியாகக் கோட்டின் மேல் படுத்திருக்கிறது. நிரல் படிப்பதற்கு முன் நீளமான கிடைக்கோடுகளை அழித்துவிடுகிறது. அதோடு 2-இன் காலும் போய்விட்டது. கால் போன 2 அப்படியே 7 மாதிரி.

தெரிந்த பிறகு எங்கு பார்த்தாலும் இதுதான். ட-வின் அடி போனால் நெட்டையாக ஒரு கோடு மிஞ்சும், ப-வின் அடி போனால் இரண்டு கோடுகள். எழுத்தென்றால் சொல்லை வைத்து ஊகித்துத் திருத்திவிடலாம். எண்ணுக்கு அந்த வசதி இல்லை. கூட்டுத்தொகை ஒன்றுதான் சாட்சி. 5 கூடுதலாக வந்தால் முதலில் 2-களைத் தேடுகிறேன்.

ஜூன் 12

கோட்டை அழிக்காமல் மறைய வைக்க முடியுமா என்று பார்த்தேன். பழைய ஸ்கேனில் நிறம் இல்லை, அதனால் நோட்டையே 300 டிபிஐ-யில் வண்ணத்தில் மறுபடி எடுத்தேன். நோட்டுக் கோடு வெளிர் நீலம். படத்தின் சிவப்பு, பச்சை, நீலத் தடங்களில் நீலத்தை மட்டும் பிரித்தால் வெளிர் நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். மை நீலக்கறுப்பு என்பதால் கருமையாகவே நிற்கும். கோட்டின் மேல் படுத்த கால்களும் அப்படியே நின்றன. ImageMagick-இல் கட்டளை இது:

```
magick p013.png -channel B -separate p013_b.png
```

கடலைப்பருப்பு 2 ஆயிற்று, கூட்டு 31. ஓரத்தின் சிவப்புக் கோடு மட்டும் இந்தத் தடத்தில் கறுத்து நிற்கிறது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தால் போதும்.

ஜூன் 13

மின்சாரம் இல்லை.

ஜூன் 15

மூன்று நாள் முந்தைய உற்சாகம் பாதியாகிவிட்டது. நடுவில் சில பக்கங்களைக் கணக்குப்பிள்ளை சாதாரண நீல மையில் எழுதியிருக்கிறார். நீலத் தடத்தில் கோட்டோடு எழுத்தும் வெளிறிப் போகிறது. அங்கே தடிமனைத்தான் நம்ப வேண்டும். அச்சுக் கோடு சுமார் 0.3 மி.மீ., அதாவது 300 டிபிஐ-யில் மூன்று நான்கு படப்புள்ளி. பேனாக் கோடு அதைப்போல் இருமடங்கு. கோடு ஓடும் இடத்தில் செங்குத்தாக எத்தனை புள்ளி கறுப்பு என்று அளந்து, நான்குக்கு மேல் இருந்தால் தொடாதே என்று விதி வைத்தேன். பெரும்பாலும் சரி. நிப்பைத் திருப்பிப் பிடித்து மெல்லிசாக எழுதிய இடங்களில் இந்த விதியும் தோற்கிறது. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 18

அடுத்த தொல்லை, பின்பக்க மை. வெல்லம் 4 வீசை என்பது 14 ஆகியிருந்தது, கூட்டில் 10 உதைத்தது. பின்பக்கத்து 1 ஊடுருவி வந்து 4-க்கு முன்னால் நிற்கிறது. மற்ற எண்கள் பெரும்பாலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வருவதால் நிரல் தடுமாறிக் கேள்விக்குறி போட்டுவிடும், நாமும் கண்டுபிடித்துவிடலாம். கணக்குப்பிள்ளை 1-ஐ வெறும் நேர்கோடாக இழுப்பதால் அது திரும்பினாலும் 1 தான். பின்பக்கப் புள்ளிகளும் அப்படித்தான்: மெய்யாக இல்லாத எழுத்தின் தலையில் ஏறிப் புள்ளி வைத்துவிடுகின்றன.

தாளுக்கு அடியில் கறுப்புக் காகிதம் வைத்து ஸ்கேன் செய்தேன். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்த எழுத்தெல்லாம் அடங்கிவிட்டது. மையே தாளில் இறங்கி இந்தப் பக்கம் வந்த இடங்கள் அடங்கவில்லை. மழைக்கால ஈரத்தில் ஊறிய நோட்டு, அதுதான் அதிகம்.

ஜூன் 20

பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு முன்பக்கத்தோடு பொருத்தினேன்.

```
magick p014.png -flop p014_m.png
```

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். கழித்தால் இரு பக்க எழுத்தும் குறுக்கிடும் இடத்தில் நம் எழுத்தும் ஓட்டையாகிவிடும். அதனால் பின்பக்கம் நன்றாகக் கறுத்தும் முன்பக்கம் மங்கலாகவும் இருக்கும் இடங்களை மட்டும் வெள்ளையாக்கினேன். 14 மறுபடி 4 ஆனது. தையல் ஓரத்தில் தாள் நெளிந்திருப்பதால் அங்கே இரு பக்கமும் பொருந்தவே இல்லை. ஓரத்து எண்களுக்குத் திருப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன்.

ஜூன் 23

ஒரு பக்கம் எதற்கும் மசியவில்லை. 5 கூடுதல், ஆனால் 2 எதுவும் கால் இழக்கவில்லை. பெரியவர் விரலை வைத்து வரிசையாகக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: கணக்குப்பிள்ளையே தப்பாகக் கூட்டியிருக்கிறார். எழுதியிருப்பதை அப்படியே வைத்து, பக்கத்தில் குறிப்பு மட்டும் போட்டேன்.