எண்பதா, நூற்றிருபதா

"தம்பி, ஆளுக்கு எண்பது லிட்டர் என்று போடுங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

வீட்டுக்கார அங்கிள் சொன்ன இந்த ஒரு வரியைத்தான் இப்போதும் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். வெள்ளவத்தையில் மூன்று மாடி வீடு. மேல் இரண்டு மாடிகளில் படிக்கிறதும் வேலைக்குப் போகிறதுமான பதினெட்டுப் பெட்டையள் போர்டிங் இருக்கிறார்கள். மொட்டை மாடியில் ஒரேயொரு 1000 லிட்டர் தாங்கி. காலை ஏழு மணிக்கு மேல் குழாயில் காற்றுத்தான் வரும் என்ற முறைப்பாட்டுக்காகத்தான், எவ்வளவு பெரிய தாங்கி வேண்டும் என்று கணக்குப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்.

நான் ஆளுக்கு 120 லிட்டர் என்று போட்டிருந்தேன். வீடு, போர்டிங் என்று வரும்போது நாங்கள் வழக்கமாகப் போடுகிற கணக்கு அதுதான். 18 பேருக்கு ஒரு நாளைக்கு 2160 லிட்டர். அப்படியானால் 2000 லிட்டர் தாங்கி ஏறக்குறையப் போதுமே என்று யாருக்கும் தோன்றும். அங்கிளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தாங்கியின் அளவை ஒரு நாள் பாவனையை வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரு நிரப்பலுக்கும் அடுத்த நிரப்பலுக்கும் இடையில் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

அந்த வீட்டில் பகலில் கீழ்த்தளக் குழாயில் தண்ணீர் வரும், மொட்டை மாடிக்கு ஏறாது. ஒழுங்கையே தண்ணீர் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் அழுத்தம் அவ்வளவுதான். இரவு பத்து மணிபோலத்தான் மேலே ஏறத் தொடங்கும், விடிய நாலு மணியோடு விட்டுவிடும். ஏறுகிற நேரத்தில் போய், தாங்கிக்குள் வரும் குழாயைக் கழற்றி 20 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். நிரம்ப மூன்று நிமிடம் எடுத்தது. மணித்தியாலத்துக்கு 400 லிட்டர், ஆறு மணித்தியாலத்துக்கு 2400. நாள் பாவனையைவிட அதிகம். ஆனால் பழைய 1000 லிட்டர் தாங்கி இரண்டரை மணித்தியாலத்தில் நிரம்பிவிடும், போல் வால்வ் மூடிவிடும். அதற்குப் பிறகு விடியும்வரை வரக்கூடிய தண்ணீரை வைக்க இடமில்லை. தண்ணீர் இல்லாத வீடு அது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது தண்ணீரை வைக்க இடமில்லாத வீடு.

சரி, இரவு பத்திலிருந்து நாலு வரை இவர்கள் பாவிப்பது 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 1960 லிட்டர் விடிய நாலு மணியிலிருந்து இரவு பத்து வரைக்கும் தாங்கியிலிருந்துதான் வர வேண்டும். அதோடு வெள்ளிக்கிழமை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை தலை முழுக வேண்டும், அதுவும் வேலைக்குப் போக முதல். நீளத் தலைமுடியில் சீயாக்காயோ ஷாம்பூவோ போனால், ஒருவருக்கு 30 லிட்டர் கூடுதலாக வைப்பது பெரிய மிகையில்லை. அன்றைக்கு ஏறக்குறைய 2500 லிட்டர். வெளியே போகும் குழாய் அடியிலிருந்து சில அங்குலம் மேலே இருக்கும், போல் வால்வ் விளிம்புக்குச் சில அங்குலம் கீழே மூடும். அதனால் 1000 என்று எழுதியிருக்கும் தாங்கியில் கைக்கு வருவது 850 போலத்தான். 2500 கைக்கு வரவேண்டுமானால் 3000 லிட்டர் தேவை. வெள்ளிக்கிழமை இரவு அத்தனையையும் குழாய் திருப்பித் தராது, 200 லிட்டர் 300 லிட்டர் குறையும். ஆனால் சனி இரவோடு சமாளித்துவிடலாம்.

இந்தக் கணக்கில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் முழுக்க அந்த 120 என்ற முதல் எண்ணில்தான்.

அங்கிள் வெறும் கையோடு பேசவில்லை. தண்ணி பில்லை எடுத்து மேசையில் வைத்தார். மாதம் 43 யூனிட். ஒரு யூனிட் என்றால் 1000 லிட்டர். 43 ஆயிரத்தை முப்பதால் பிரித்து, வந்ததைப் பதினெட்டால் பிரித்தால் எண்பது லிட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. "உங்கட புத்தகம் 120 சொல்லுது, என்ட மீட்டர் 80 சொல்லுது. எதை நம்புறது?" என்றார். நியாயமான கேள்விதான். எண்பது என்று போட்டால், இரவுப் பங்கையும் அதே விகிதத்தில் குறைத்துக் கழித்தால், பகலுக்கு 1300 லிட்டர் போல. 2000 லிட்டர் தாங்கி சாதாரண நாளில் தாராளம். வெள்ளிக்கிழமை 1840 லிட்டர் கேட்கும், கைக்கு வருவது 1700. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் இழுபறி.

அவருக்கு 3000 பிடிக்காததற்குக் காசு மட்டும் காரணமில்லை. மொட்டை மாடிச் சிலாப் பழசு. 1000 லிட்டர் தண்ணீர் ஒரு தொன். மூன்று தொன்னை நடுச் சிலாப்பில் தூக்கி வைக்க முடியாது, தூணும் பீமும் சந்திக்கிற இடங்களில் இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும், அதற்கும் ஒரு எஞ்சினியர் பார்த்துச் சொன்னால்தான் நான் வைப்பேன் என்று நானே சொல்லியிருந்தேன். கீழே தாங்கி கட்டி மோட்டரில் ஏற்றலாமே என்றேன். கீழே இருக்கிற ஒரே இடம் அவருடைய கார் நிற்கிற இடம். அதோடு, "2022 மறந்துபோச்சா தம்பி? மார்ச் கடைசியில பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. மோட்டர் என்னத்தைச் சுத்தும்?" என்றார். பிரதான குழாயில் நேரே மோட்டரைப் பூட்டச் சொல்லி மட்டும் அவர் கேட்கவில்லை. அது கூடாத வேலை, பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் உறிஞ்சும், குழாயில் வெடிப்பிருந்தால் ஒழுங்கை அழுக்கையும் சேர்த்து உறிஞ்சும். அதை அவர் கேட்காததற்காகவே எனக்கு அவரில் கொஞ்சம் மரியாதை.

பில்லைப் பார்த்தபோது என் வாயில் வந்த பதில் இதுதான்: "அங்கிள், பில் சொல்லுறது வந்த தண்ணி. வேணும் என்ற தண்ணி இல்லை." ஏழு மணிக்குத் தாங்கி காய்கிற வீட்டில், எட்டு மணிக்குக் குளிக்க நினைத்தவள் குளிக்காமல் போகிறாள். அந்தத் தண்ணீர் எந்த மீட்டரிலும் விழாது. பஞ்சத்தில் இருந்த வீட்டின் பில்லை வைத்து அடுத்த தாங்கியை அளந்தால் பஞ்சத்தையே திரும்பக் கட்டுகிறோம். இப்படிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "தாங்கி பெரிசென்றால் ஊத்துறதும் பெரிசு. எனக்குத் தெரியும்" என்றார். அதுவும் பொய்யில்லை. குடும்ப வீடுகளில் தாங்கியைப் பெரிதாக்கிய அடுத்த மாதங்களில் பில் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். அது அதுவரை கிடைக்காத தேவையா, புதுச் செல்லமா என்று பில்லைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

கடைசியில் நான் செய்தது இதுதான். ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஆளுக்கு 80 என்றால் 2000 லிட்டர், வெள்ளிக்கிழமை போதாமல் போகலாம். ஆளுக்கு 120 என்றால் 3000 லிட்டர், சிலாப்பை ஆள் பார்க்க வேண்டும். தெரிவு உங்களுடையது. அவர் முதல் வரியைத் தெரிவு செய்தார். அதையே செய்து கொடுத்தோம்.

இரண்டு வரியும் உண்மை. ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் தெரிவு செய்யச் சொல்லிக் கொடுத்த ஆள் தாங்கியில் குளிக்கிற ஆள் இல்லை, கீழ் மாடியில் வீதிக் குழாயிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் வருகிற ஆள். அந்தத் தாளை வார்டன் அக்காவிடமும் காட்டியிருக்கலாம் என்று சில நாட்களில் தோன்றும். வேறு சில நாட்களில், காசு போடுகிறவரும் சிலாப்புக்குப் பொறுப்பானவரும் அவர்தானே, நான் யார் நடுவில் என்றும் தோன்றும்.

பிறகு ஒரு முறை பாத்ரூம் குழாயில் ஒழுக்குப் பார்க்கப் போனேன். முறைப்பாடு ஒன்றும் இல்லை. "இப்ப தண்ணி நல்லா வருது அண்ணா" என்று ஒரு பிள்ளை சொன்னாள். ஆனால் ஒவ்வொரு பாத்ரூம் மூலையிலும் ஒரு நீலப் பரல் நின்றது, வாய்வரை நிரம்பி. இரண்டு மாடியிலுமாக ஆறு பரல், ஒவ்வொன்றும் 100 லிட்டர் கொள்ளும். எப்போது வாங்கினது என்று கேட்டேன். முதலிலிருந்தே இருக்கிறது, இரவு படுக்க முதல் முறை வைத்து நிரப்புவோம் என்றாள்.

அன்றைக்குத்தான் பழைய பில் எனக்குச் சரியாக விளங்கியது. 43 யூனிட் என்றால் நாளுக்கு 1430 லிட்டர். பழைய தாங்கி ஒரு நிரப்பலில் தந்தது 850. மிச்சம் 580 எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது கேட்டே பார்க்கவில்லை. இரவில் தாங்கி நிரம்பும்போதே குழாயைத் திறந்து பரல்களை நிரப்பியிருக்கிறார்கள், கீழ்த்தளக் குழாயிலிருந்தும் கொஞ்சம் தூக்கியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு 1000 லிட்டர் தாங்கி இருந்தது என்று நானும் அங்கிளும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் 1600 இருந்தது. இப்போது 2600 இருக்கிறது. கைக்கு வருவது 2300. என்னுடைய வெள்ளிக்கிழமைக் கணக்குக்கு 200 லிட்டர்தான் குறைவு. அதில் 600 லிட்டரை வாங்கியதும் நிரப்புவதும் அந்தப் பிள்ளைகள்.

இதை அங்கிளிடம் சொன்னால், "பாருங்கோ, போதுமென்றேனே" என்பார். எனக்கோ 120 சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று படுகிறது. ஒரே பரலைக் காட்டி இரண்டு பேரும் வெல்லலாம். ஆனால் மூடியில்லாத பரல் கொழும்பில் சும்மா ஒரு சாமான் இல்லை, டெங்கு நுளம்பு தேடுகிற நல்ல தண்ணீர் அதுதான். மூடி போடச் சொன்னேன். போட்டார்களா என்று தெரியவில்லை.

இப்போது எங்கே கணக்கெடுக்கப் போனாலும் பில்லைக் கேட்க முதல் பாத்ரூமைப் பார்க்கிறேன். என்னோடு வேலை செய்கிற பிளம்பருக்கு இது பிடிக்காது. "120 என்று ஒரு வரி எழுதிக் குடு, பேரம் பேசினா பேசட்டும். நீ இரண்டு வரி எழுதினா எல்லாரும் சின்னதைத்தான் எடுப்பினம்" என்கிறான். நான் இன்னும் இரண்டு வரிதான் எழுதுகிறேன். சின்ன வரிக்குக் கீழே, குறைகிற தண்ணீரை யார் எந்த நேரத்தில் வாளியில் பிடித்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அதற்குப் பிறகும் சின்ன வரியைத்தான் எடுக்கிறார்கள்.