பேட்டில் ஆஃப் தி ஃபார்ம்ஸ் கேள்விக்கு பட்லர் வழக்கை வைத்து எழுதிய விதம்

ஒப்பந்தச் சட்டத் தாளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வரும். விற்பவரின் கொட்டேஷனுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் சில நிபந்தனைகள். வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டருக்குப் பின்பக்கம் அதற்கு நேர்மாறான நிபந்தனைகள். இரண்டையும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு தகராறு வரும். யாருடைய நிபந்தனை செல்லும் என்று கேட்பார்கள்.

இதற்காக நான் நிறைய வழக்குகளைத் தொடவில்லை. பட்லர் மெஷின் டூல் எதிர் எக்ஸ்-செல்-ஓ என்ற இங்கிலாந்து வழக்கில் எந்தக் காகிதம் எப்போது போனது என்பதை மட்டும் வரிசையாக மனதில் ஏற்றிக்கொண்டேன். கேள்வியில் பெயரையும் தொகையையும் மாற்றினாலும் காகிதங்களின் வரிசையைப் பெரிதாக மாற்ற மாட்டார்கள்.

1969 மே 23 அன்று பட்லர் ஓர் இயந்திரத்துக்கு 75,535 பவுண்டு என்று கொட்டேஷன் தந்தது. டெலிவரி அன்றைய விலையே வசூலிக்கப்படும் என்றும், வாங்குபவரின் நிபந்தனைகளைவிடத் தங்கள் நிபந்தனைகளே மேலோங்கும் என்றும் அதில் இருந்தது. மே 27 அன்று எக்ஸ்-செல்-ஓ தன் ஆர்டரை அனுப்பியது. அதில் விலையை ஏற்றும் ஷரத்தே கிடையாது. ஆர்டரின் அடியில் கிழித்துத் திருப்பி அனுப்ப ஒரு துண்டு இருந்தது: 'உங்கள் ஆர்டரை அதில் கண்ட நிபந்தனைகளின்படி ஏற்கிறோம்.' ஜூன் 5 அன்று பட்லர் அந்தத் துண்டில் கையெழுத்திட்டு அனுப்பியது. கூடவே, மே 23 கொட்டேஷனின்படி ஆர்டரைப் பதிவு செய்கிறோம் என்று ஒரு கடிதமும் வைத்தது. பிறகு செலவு கூடிவிட்டதென்று 2,892 பவுண்டு அதிகமாகக் கேட்டது.

முதல் நீதிமன்றத்தில் பட்லருக்கு வெற்றி. மேல்முறையீட்டில் தோல்வி. விடையில் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதன் காரணம்தான். கொட்டேஷன் முன்மொழிவு. வேறு நிபந்தனைகளோடு வந்த ஆர்டர் அதற்கு ஏற்பு ஆகாது, அது எதிர்முன்மொழிவு. எதிர்முன்மொழிவு வந்ததும் பழைய முன்மொழிவு செத்துவிடும் என்பது 1840-இன் ஹைட் எதிர் ரென்ச் வழக்கிலிருந்தே வரும் விதி. 'எங்கள் நிபந்தனைகளே மேலோங்கும்' என்ற வரியும் அதோடு போய்விடுகிறது. நிறையப் பேர் அந்த வரியைப் பார்த்ததும் விற்பவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்துக்குள் நுழையாத காகிதத்தில் இருக்கும் வரிக்கு என்ன பலம்?

கையெழுத்திட்ட துண்டுதான் ஏற்பு. கூட வந்த கடிதம்? இயந்திரம் எது, விலை எவ்வளவு என்று அடையாளம் காட்ட மட்டுமே அது கொட்டேஷனைக் குறிப்பிட்டது, பழைய நிபந்தனைகளைத் திரும்பக் கொண்டுவரவில்லை என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. கேள்வியில் இப்படி ஒரு கடிதம் இருந்தால் அதன் வாசகத்தை எடுத்து எழுதி விவாதியுங்கள். அது தெளிவாக 'எங்கள் நிபந்தனைகளின்படி மட்டுமே' என்று சொன்னால் முடிவு வேறாகலாம்.

அந்தத் துண்டையே எடுத்துவிட்டுக் கேட்பதும் உண்டு. ஆர்டருக்குப் பதிலாக விற்பவர் தன் நிபந்தனைகள் அச்சிட்ட ஒப்புகைச் சீட்டை அனுப்புகிறார். வாங்குபவர் ஒன்றும் சொல்லாமல் சரக்கை இறக்கிக்கொள்கிறார். இப்போது ஒப்புகைச் சீட்டே கடைசி எதிர்முன்மொழிவு, சரக்கை ஏற்றது நடத்தையால் ஏற்பு. கடைசியாகக் காகிதம் அனுப்பியவர் ஜெயிக்கும் இதைத்தான் 'லாஸ்ட் ஷாட்' என்கிறார்கள். ஆனால் தேதியைப் பாருங்கள். சரக்கை ஏற்று ஒப்பந்தம் முடிந்த பிறகு வரும் இன்வாய்ஸில் நிபந்தனை அச்சடித்திருந்தால் அது பொதுவாகச் செல்லாது. கேள்வியில் இன்வாய்ஸ் வந்தாலே நான் தேதியைத்தான் முதலில் தேடுவேன்.

டென்னிங் பிரபு இதே பட்லர் வழக்கில் வேறு வழியும் சொன்னார்: எல்லாக் காகிதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒத்துப்போகாத நிபந்தனைகளைத் தள்ளிவிட்டு நியாயமானதை வைக்கலாம் என்று. படிக்க இனிக்கும். அதற்காக விடை முழுக்க அவரை எழுதினால் மதிப்பெண் போகும். மற்ற இரு நீதிபதிகளும் பழைய முன்மொழிவு, ஏற்பு வழியில்தான் போனார்கள். 2009-இல் டெக்டேட்டா வழக்கும், வேறு பொது நோக்கம் தெளிவாகத் தெரியாதவரை அந்த வழியே என்றது. டென்னிங்குக்கு ஒரு பத்தி போதும்.

இந்தியச் சட்டத் தாள் என்றால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவிலிருந்து தொடங்குங்கள்: ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும். சரக்கை இறக்கிக்கொண்டது போன்ற நடத்தைக்கு 8-ஆம் பிரிவு. பட்லர் இங்கே கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. பிரிவுகளை எழுதிவிட்டு, அதே தர்க்கம் அங்கே எப்படிப் போனது என்று காட்டத்தான் அது.