எட்டு நிமிடங்களைப் பார்க்க ஒரு தாள்

ஜூலை 8, திங்கள்

ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சரும் நானும் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பது என்று பேசி முடித்தாயிற்று. முதலில் அவர் வகுப்பு. பார்க்கப் போகிறவன் நான், அறிவியல் ஆசிரியன். கணக்குத் தெரியாதவன் எதைப் பார்க்கப் போகிறேன் என்று தயங்கினேன். "அதுதான் சார் வேணும். கணக்கு வாத்தியார் வந்தா என் கணக்கைப் பார்ப்பார். நீங்க பசங்களைப் பாருங்க" என்றார்.

முழு பீரியடையும் பார்ப்பதில்லை என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் கரும்பலகை எழுத்து முதல் குரல் வரை எல்லாவற்றைப் பற்றியும் ஏதாவது சொல்லத் தோன்றும். கேட்டுக்கொள்பவர் தலையாட்டுவார், மறுநாள் பழையபடியே நடக்கும். அதனால் பாடக்குறிப்பை எடுத்து வைத்து ஒரு வரியைத் தேடினோம். பின்னங்களை ஒப்பிடும் பாடம். காகிதப் பட்டைகளை மடித்துக் காட்டிய பிறகு, பயிற்சிக் கணக்குக்குப் போகும் முன், "சரிபார்க்கும் கேள்விகள் – 8 நிமிடம்" என்று இருந்தது. அவ்வளவுதான், என்ன கேள்வி என்றுகூட இல்லை.

"அந்த எட்டு நிமிஷத்துல எல்லாரும் சரியாத்தான் சொல்றாங்க. அடுத்த பத்தாவது நிமிஷம் நோட்டுல தப்பு. நடுவுல என்ன ஆகுதுன்னு தெரியல."

நான் பார்ப்பதைக் குறிக்கும் தாளின் தலைப்பில் எழுத அவர் முதலில் சொன்ன கேள்வி: மாணவர்களுக்குப் புரிகிறதா? புரிவதை நான் எப்படிப் பார்ப்பேன்? கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது எதுவோ அதைக் கேளுங்கள் என்றேன். பேசிப் பேசி இப்படி வந்து நின்றது: "நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் யார் பதில் சொல்கிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து, என்ன வார்த்தையில்?"

ஜூலை 9, செவ்வாய்

தாள் தயார். ஒரே பக்கம்.

மேலே: வகுப்பு, பாடம், பார்க்கும் கட்டம், ஆசிரியரின் கேள்வி.
நடுவில் மூன்று பத்திகள்: நேரம் / ஆசிரியர் சொன்னது / மாணவர் சொன்னது, செய்தது (அப்படியே).
கீழே இரண்டு வரி, வகுப்பு முடிந்த பிறகு வகுப்பு எடுத்தவர் நிரப்புவது: இதில் என் கண்ணில் படுவது என்ன? பாடக்குறிப்பில் எதை மாற்றுகிறேன்?

மதிப்பெண் கட்டம் இல்லை. "நன்று, சுமார்" இல்லை. "ஆலோசனைகள்" என்று ஓர் இடம் விடலாமா என்று டீச்சரே கேட்டார், நான் வேண்டாம் என்றேன். இடம் இருந்தால் பார்க்கிறவன் கை அதைத்தான் முதலில் நிரப்பும். ஆலோசனை யோசிக்கிற நேரத்தில் இரண்டு பதில் காதில் விழாமல் போகும்.

எட்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் எழுத முடியாது, குறிகள் தேவை. எல்லோரும் சேர்ந்து சொன்னால் "கூ". கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் விரலால் மேசையில் தட்டி எண்ணி, எத்தனை விநாடியோ அந்த எண். பெயர் எழுதுவதில்லை, "ஜன்னல் 2" என்றால் ஜன்னல் ஓரம் இரண்டாம் வரிசை. அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் மேரி பட் ரோ என்பவரின் 1970களின் ஆய்வுகளைப் படித்திருக்கிறேன்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி தாண்டினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது என்று. அதனால் விநாடிதான் முக்கியமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தாளைப் பிரதி எடுத்தேன்.

ஜூலை 11, வியாழன்

'அ' பிரிவு. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் டீச்சர் ஒரே வரியில் சொன்னார்: "சார் என் கேள்விகளைப் பார்க்க வந்திருக்கார்." அவர்களுக்குப் பரீட்சை இல்லை என்று தெரிந்ததும் என்னை மறந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகுகள்தான் தெரியும், ஆகவே முன்பக்கம் ஓரமாக, முகங்கள் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

தாளிலிருந்து ஒரு துண்டு:

10:21 – "ஐந்தில் மூன்று, எட்டில் மூன்று. எது பெருசு?" – (1) கூ: "ஐந்தில் மூன்று!"
10:21 – "ஏன்?" – (1) ஜன்னல் 2: "அஞ்சுக்கு இன்னும் ரெண்டுதான் வேணும். எட்டுக்கு அஞ்சு வேணும்."
10:22 – "சரி. எட்டாப் பிரிச்சா துண்டு சின்னதாயிடும், அதனால ஐந்தில் மூன்று பெருசு. புரிஞ்சுதா?" – கூ: "புரிஞ்சுது டீச்சர்!" சுவர் 4 பேசவில்லை, பட்டையை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

மொத்தம் 13 கேள்விகள். எட்டுக்குக் கூட்டுப் பதில். தனியாகச் சொன்ன ஐந்தில் நான்கு முதல் இரண்டு வரிசையிலிருந்து. காத்திருந்த நேரம் எங்குமே இரண்டு விநாடியைத் தாண்டவில்லை.

பள்ளி விட்டதும் பேசினோம். அன்றே பேசிவிட வேண்டும், மறுநாள் ஆனால் என் கிறுக்கல் எனக்கே புரியாது. நான் எதுவும் சொல்வதற்கு முன் தாளை அவரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். கூட்டுப் பதில் எண்ணிக்கையைப் பார்த்துச் சிரித்தார், "அது தெரிஞ்சதுதான்." அப்புறம் ஜன்னல் 2 சொன்னதில் விரல் நின்றது.

"இவன் இப்படியா சொன்னான்? நான் கேட்கவே இல்லையே."

எனக்கு அதில் தவறே தெரியவில்லை. விடை சரி, காரணமும் காரணம் மாதிரிதான் இருந்தது. அவர் விளக்கினார். பையன் துண்டின் அளவைப் பார்க்கவில்லை. முழுசாக இன்னும் எத்தனை துண்டு குறைகிறது என்று எண்ணுகிறான்: இங்கே இரண்டு, அங்கே ஐந்து, குறைவாகக் குறைவது பெரியது. இந்தக் கணக்கில் அது சரியான விடையைத் தந்துவிடுகிறது. "இவன்கிட்ட ஆறில் ஐந்தும் எட்டில் ஏழும் கேளுங்க. ரெண்டுலயும் ஒண்ணுதான் குறையுது, அதனால சமம்னு சொல்வான்."

பாதி வார்த்தையிலேயே "சரி" சொல்லி, மீதியைத் தன் விளக்கத்தால் நிரப்பியதை அவரே படித்துக் கண்டுகொண்டார். எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தால் "காரணம் கேட்டார், சரியான பதில் வந்தது" என்று சுருக்கி எழுதியிருப்பேனோ என்னவோ. விநாடியெல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

ஜூலை 12, வெள்ளி

கேள்விகளை மாற்றும் வேலை முழுக்க அவருடையது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 13 கேள்விகளுக்குப் பதிலாக இரண்டே இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி பழையதுதான்: 3/5, 3/8. "எட்டு ஐந்தைவிடப் பெரிசு, அதனால் 3/8" என்று முழு எண் போலப் பார்க்கிற பிள்ளை இங்கே மாட்டும். ஆனால் குறைவதை எண்ணுகிற பிள்ளை தப்பித்துவிடும். "கீழ் எண் சின்னதாக இருந்தால் பின்னம் பெரிசு" என்று மனப்பாடமாக வைத்திருக்கிற பிள்ளையும் தப்பித்துவிடும்.

இரண்டாவது: 5/6, 7/8. இங்கே குறைவதை எண்ணுகிறவர் சமம் என்பார். கீழ் எண்ணை மட்டும் பார்க்கிறவர் 5/6 என்பார். முழு எண் போலப் பார்க்கிறவருக்கு மட்டும் 7/8 என்று சரியான விடை வந்துவிடும், ஆனால் அவரை முதல் கேள்வி ஏற்கெனவே பிடித்திருக்கும். ஒரு கேள்வி விடுகிற ஆளை இன்னொன்று பிடிக்கிறது. பாடக்குறிப்பில் இப்படி எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை; எந்தக் கேள்வி எந்தத் தவறைப் பிடிக்கும் என்று யோசித்திருக்கிறார்.

கூட்டுப் பதிலை நிறுத்த ஒரு வழி: விடையையும் ஒரு வரி காரணத்தையும் முதலில் தாளில் எழுத வேண்டும், அதுவரை யாரும் பேசக்கூடாது.

ஜூலை 17, புதன்

'ஆ' பிரிவு, அதே பாடம், அதே தாள். மூன்றாம் பத்தியில் மட்டும் மாற்றம்: எழுதும்போது என் கண்ணுக்கு எட்டுகிற ஆறு பேரின் தாளை எட்டிப் பார்த்து அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி "சார், இது சரியா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்!

இரண்டாவது கேள்விக்குக் கை தூக்கச் சொன்னார். 34 பேரில் 16 பேர் சமம், 7 பேர் 5/6, 11 பேர் 7/8.

நடுவரிசைப் பையன்: "ஆறுல ஒண்ணு குறையுது, எட்டுல ஒண்ணு குறையுது. ரெண்டும் ஒண்ணுதானே?" டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆறு வரை தட்டினேன். கதவு ஓரத்திலிருந்து ஒருத்தி: "குறையற துண்டு ஒரே அளவு இல்லையே. எட்டுல குறையறது குட்டித் துண்டு." பையன் பட்டைகளை எடுத்து, மடிப்பில் குறைகிற துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். பேசவில்லை. தாளில் அடித்து 7/8 என்று எழுதினான். காரணத்தை மாற்றவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

எட்டு நிமிடம் பதின்மூன்று ஆனது.

ஜூலை 18, வியாழன்

'அ' பிரிவைவிட 'ஆ' நன்றாகச் செய்தது என்று சொல்ல இந்தத் தாள்கள் போதாது. பிள்ளைகள் வேறு, நாள் வேறு. போன வாரம் வெளியில் தெரியாத யோசனை இந்த வாரம் தாளில் வந்தது, அவ்வளவு சொல்லலாம். விடை தப்பாக வந்தவர் எண்ணிக்கை கூடித்தான் இருக்கிறது, அதைப் பார்த்து யாராவது வகுப்பு மோசமாகிவிட்டது என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை. தாள்களைக் கோப்பில் வைக்கலாமே என்று மேலிடத்தில் பேச்சு வந்தது. வகுப்பு யாருடையதோ தாள் அவரிடம்தான் இருக்கும் என்று இருவரும் சொல்லிவிட்டோம். மதிப்பீட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த முறை அவர் சரியாகப் போகிற கட்டத்தைத்தான் காட்டுவார்.

நேரச் சிக்கலுக்கு, பயிற்சிக் கணக்கு ஆறில் இரண்டை வீட்டுப்பாடத்துக்குத் தள்ளியிருக்கிறார். தாளின் கடைசி வரியில் அவர் எழுதியது: "சரிபார்த்தல் – 12 நிமிடம். 3/5, 3/8, பிறகு 5/6, 7/8. எழுதிவிட்டுப் பேச்சு. காரணம் சொல்லி முடிக்கும் வரை 'சரி' சொல்வதில்லை. சமம் என்றவர்களுக்குக் குறைகிற துண்டுகளை அடுக்கிப் பார்க்கும் வேலை." அந்த 11 பேரில் எத்தனை பேர் முழு எண் போலப் பார்த்து 7/8-க்கு வந்தார்கள் என்று முதல் கேள்வியின் தாள்களோடு ஒப்பிட இன்று மாலை உட்காருகிறார்.